ரசீது இல்லாத தோட்டுக்கு க்ளெய்ம் கிடைக்குமா?

கேள்வி: வீட்டில் திருட்டு நடந்து ஒரு வைரத் தோடும் ஒரு நெக்லஸும் போய்விட்டன. தோடு அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, அதற்கு ரசீதே கிடையாது. நெக்லஸ் நான் வாங்கியது, ரசீதும் இருக்கிறது, 6 வருடத்துக்கு முன் எடுத்த மதிப்பீட்டு அறிக்கையும் இருக்கிறது. தோட்டுக்கு ரசீது இல்லாமல் எதுவும் தர முடியாது என்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி. நெக்லஸுக்கும் மதிப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தருவார்களாம். தெரிந்த நகைக்கடைக்காரர் தோட்டுக்குப் பழைய தேதியில் ஒரு பில் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த பில்லை வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இது. க்ளெய்மில் ஒரு பொய்யான ஆவணம் இருந்தால் மொத்த க்ளெய்மையும் நிராகரிக்க வழி செய்யும் நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. அதாவது தோட்டோடு சேர்த்து, நியாயமாக உங்களுக்குக் கிடைக்க வேண்டிய நெக்லஸ் பணமும் போய்விடும், மோசடி வழக்கு வேறு வரலாம். நான் பார்த்த ஒரு வழக்கில் 9 வருடத்துக்கு முந்தைய தேதியில் பில் கொடுத்திருந்தார்கள். பில்லில் அச்சாகியிருந்த முகவரிக்கு அந்தக் கடை குடிபோனதோ 4 வருடத்துக்கு முன்புதான். இழப்பை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் அதைக் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. அந்தக் குடும்பத்தில் நகை திருட்டுப் போனது நிஜம், ஆனாலும் அதன் பிறகு அவர்கள் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை.

சரி, ரசீது இல்லாமல் என்ன செய்வது? முதலில் பாலிசியை எடுத்து, ரசீது கட்டாயம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் "நியாயமான ஆதாரம்" அல்லது "கம்பெனி கேட்கும் ஆவணங்கள்" என்றுதான் இருக்கும். ரசீதும் ஒரு வகை ஆதாரம்தான், அது மட்டுமே ஆதாரம் என்று ஆகிவிடாது. நீங்கள் நிரூபிக்க வேண்டியவை மூன்று: அப்படி ஒரு தோடு இருந்தது, அது உங்களுடையது, திருட்டு நடந்தபோது அது வீட்டில் இருந்தது. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டியதில்லை, நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் போதும். இன்னொன்றும் கவனியுங்கள், ரசீது முதல் இரண்டைத்தான் காட்டும், மூன்றாவதை அது ஒருபோதும் காட்டாது.

இதில் போட்டோ மிகவும் உதவும், ஆனால் சரியான போட்டோ வேண்டும். அம்மா அந்தத் தோட்டைப் போட்டிருக்கும் பழைய படம் ஒன்று, நீங்கள் போட்டிருக்கும் சமீபத்திய படம் ஒன்று, இரண்டையும் பெரிதாக்கினால் கல்லின் அமைப்பும் கட்டிய விதமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். சமீபத்திய படத்தை எடுத்த போனிலிருந்தே, அசல் கோப்பாகக் கொடுங்கள். படம் எடுத்த தேதியும் நேரமும் அந்தக் கோப்புக்குள் பதிவாகியிருக்கும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும். பலர் அனுப்பிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அசலை நீக்கிவிடுகிறார்கள், அங்கேதான் தவறுகிறது.

அதற்கு மேல், திருகாணி மாற்றிய பில், மெருகு போட்ட சீட்டு, அம்மாவின் உயிலிலோ பாகப்பிரிவினையிலோ வரும் ஒரு வரி, அம்மா பெயரில் இருந்த பழைய பாலிசியின் நகைப் பட்டியல், எதுவாக இருந்தாலும் தேடுங்கள். வைரத்துக்கு ஆய்வகச் சான்றிதழ் எடுத்திருந்தால் அதன் எண்ணைச் சொல்லி ஆய்வகத்திடம் விவரம் கேட்கலாம், சில கற்களின் விளிம்பில் அந்த எண்ணையே லேசரில் பொறித்திருப்பார்கள். தோடு உங்களுக்கு வந்ததை நேரில் அறிந்த சகோதரியோ சித்தியோ உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். தனியாக அதற்குப் பலம் குறைவு, ஆனால் போட்டோவோடும் பழுது பார்த்த பில்லோடும் சேரும்போது நன்றாகவே நிற்கும்.

நெக்லஸ் விஷயம் வேறு. உங்கள் ரசீதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கிற மாதிரித் தெரியவில்லை, தொகையைக் குறைக்கிறார்கள், அதற்குக் காரணம் அனேகமாக அந்த 6 வருடப் பழைய அறிக்கை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாலிசியில் வந்த எல்லா நகைகளின் இன்றைய மதிப்பு 100 பங்கு, நீங்கள் பழைய அறிக்கையை வைத்து இன்சூர் செய்தது 60 பங்கு, திருட்டுப் போனது 40 பங்கு. 40-ம் 60-க்குள்தானே இருக்கிறது, முழுவதும் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் பாலிசியில் அண்டர் இன்சூரன்ஸ் நிபந்தனை இருந்தால், 100-க்கு 60 மட்டும் இன்சூர் செய்திருப்பதால் இழப்பிலும் அதே விகிதம்தான், 24 பங்குதான் வரும். தங்கம் விலை ஏறிய வருடங்களில் அறிக்கையைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு நடப்பது இதுதான்.

இதை எதிர்க்க முடியுமா என்பது முக்கியமாக ஒரு விஷயத்தைப் பொறுத்தது. பாலிசி அட்டவணையில் நெக்லஸைத் தனியாக எழுதி, அதன் எதிரே "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்று தொகை போட்டிருந்தால், அது முழுவதும் களவு போனபின் மதிப்பை மறுபடி பேச அவர்களுக்கு இடமில்லை, அந்தத் தொகையைத் தர வேண்டும். "சந்தை மதிப்பு" என்றோ வெறும் "காப்பீட்டுத் தொகை" என்றோ இருந்தால் மேலே சொன்ன கணக்கு வரலாம். அப்போதும் 100 என்று அவர்கள் சொல்லும் மதிப்பு எப்படி வந்தது என்று கேளுங்கள், சர்வேயர் அறிக்கையின் நகல் கேளுங்கள். எடை, தங்கத்தின் தரம், கல்லின் காரட் இவற்றை உங்கள் பழைய அறிக்கையிலிருந்து எடுத்து, திருட்டு நடந்த நாளின் விலைக்கு வேறொரு மதிப்பீட்டாளரிடம் கணக்குப் போடச் சொல்லலாம், நகை கையில் இல்லாவிட்டாலும் இது முடியும். "அழகான கல் நெக்லஸ், மதிப்பு இவ்வளவு" என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்து இதைச் செய்ய முடியாது.

தோடு அட்டவணையில் தனியாக வரவில்லை என்றால், பெரும்பாலும் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்புக்குள் அது வரும். ஆதாரம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அதைத் தாண்டித் தர மாட்டார்கள், இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

போலீஸ் புகார் நகலையும் க்ளெய்ம் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புகாரில் "தோடு" என்று மட்டும் இருந்து, படிவத்தில் "8 கல் வைரத் தோடு" என்று இருந்தால், பின்னால் சேர்த்தீர்கள் என்பார்கள். உடனே போலீஸிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுத்து, பதற்றத்தில் முதலில் சொல்லாமல் விட்டது என்று உண்மையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

கம்பெனியிடம் மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின் கீழ் என்று எண்ணோடு கேளுங்கள். போனில் சொன்னதை வைத்து எங்கும் போக முடியாது. நீங்கள் திருட்டையும் உடைமையையும் காட்டிவிட்டால், ஒரு விதிவிலக்கைச் சொல்லி மறுக்கிறவர்கள்தான் அது பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டும். கடிதம் வந்த தேதியைக் குறித்து வையுங்கள், மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் காலக்கெடு இருக்கும், சில பாலிசிகளில் அது மிகவும் குறுகியது.

இதற்கிடையில் நெக்லஸுக்கு அந்தக் குறைந்த தொகையை நீட்டி, பணம் பெற்றுக்கொண்டதாக ஒரு ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்று இருந்தால் போடாதீர்கள். "என் மீதி உரிமைக்குப் பாதகம் இல்லாமல், சர்ச்சையில்லாத தொகையை மட்டும் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள், மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அவர்கள் நீட்டிய அந்த ரசீதின் நகலோடு உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள்.