மெட்டு அப்படியே இருந்தால் சொல் மாறியும் பயனில்லை

கேள்வி: என் முதல் திரைக்கதை முடிந்துவிட்டது. அதில் ஒரு தாய், இறந்துபோன தன் கணவர் பாடும் பழைய திரைப்பாட்டின் இரண்டு வரியை முணுமுணுப்பாள். கடைசிக் காட்சியில் மகள் தொலைபேசியில் அதே வரிகளைப் பாடுவாள். வேறொரு காட்சியில் ஆசிரியர் ஒருவர் ஒரு கவிஞரின் நான்கு வரியைச் சொல்வார். அந்தக் கவிஞர் இறந்து இருபது ஆண்டு ஆகிறது. இவை எல்லாவற்றையும் மாற்றித் தரும்படி தயாரிப்பாளர் சொல்கிறார். பாட்டில் நிலவை விண்மீனாகவும் ஜன்னலை வாசலாகவும் மாற்றிப் பார்த்தேன். காட்சியே செத்துவிட்டது. சில சொற்கள் மட்டும் எடுத்தால் குற்றமில்லை என்கிறார்களே, அது உண்மையா? நன்றி என்று பெயர் போட்டால் போதாதா? – ஒரு வாசகி

பதில்: நீங்கள் எழுதி அனுப்பிய பாட்டு வரிகளை நான் இங்கே அச்சிடவில்லை. அவை இன்னொருவருடையவை என்பதால் அந்தக் கட்டுப்பாடு இந்தப் பக்கத்துக்கும் உண்டு.

சொற்கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நான்கு சொல், எட்டு சொல், இரண்டு வரி என்று இந்தியச் சட்டத்திலோ அமெரிக்கச் சட்டத்திலோ பொதுவான விலக்கு கிடையாது. நீதிமன்றம் எடுத்த பகுதியின் அளவோடு, மூலத்தில் அதற்கு என்ன மதிப்பு என்பதையும் பார்க்கிறது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைத் தீர்த்தது. முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வருவதற்கு முன்பே ஒரு பத்திரிகை அதிலிருந்து ஏறத்தாழ 300 சொற்களை அப்படியே எடுத்து வெளியிட்டது. கையெழுத்துப் பிரதியோ சுமார் 2 லட்சம் சொற்கள். ஆனாலும் எடுத்தது நூலின் இதயப் பகுதி என்று சொல்லி, உரிமை மீறல் என்றே தீர்ப்பானது. திரைப்பாட்டு முழுவதுமே சில பத்து வரிகள்தான். எல்லோர் வாயிலும் நிற்கும் பல்லவியின் இரண்டு வரியை எடுத்தால், அதன் இதயத்தையே எடுத்ததாக ஆகிவிடும்.

இது தயாரிப்பாளரின் கவலை மட்டுமல்ல, உங்களுடையதும்தான். எழுத்தாளர் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும்: ‘இந்தப் படைப்பு முழுவதும் என் சொந்தம், யாராவது உரிமை கோரினால் நான் பொறுப்பு’ என்று. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இனி உங்கள் மாற்று வரிகளுக்கு வருகிறேன். நீங்கள் மாற்றியவை பெயர்ச்சொற்கள் மட்டுமே. மூலத்தில் முதல் வரி கேள்வி, இரண்டாவது வரி அதற்குப் பதில், உங்களுடையதிலும் அப்படியே. மூலத்தில் காத்திருப்பவளுக்கு வானத்தில் ஒரு சாட்சி. உங்களுடையதிலும் அதே சாட்சி, வேறு பெயரில். சீர் எண்ணிக்கைகூட மாறவில்லை. நிலவும் காத்திருப்பும் யாருக்கும் சொந்தமில்லை, அவற்றை வைத்து நீங்கள் ஆயிரம் பாட்டு எழுதலாம். ஆனால் அவற்றை இந்த வரிசையில், இந்தக் கேள்வி பதிலாகக் கோத்த விதம் இன்னொரு கவிஞரின் வேலை. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால், கோத்த நூல் அவருடையதாகவே இருக்கும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு. மெட்டுக்குப் பாட்டு எழுதும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். ஒரு சந்தம் காதில் புகுந்துவிட்டால் கை தானாகவே அதற்குச் சொல் தேடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய மேடை நாடகம் ஒன்றில் இதே தவறைச் செய்தேன். ஒரு சொல்கூட மூலத்திலிருந்து இல்லை என்ற நம்பிக்கையோடு புது வரிகளைக் கொடுத்தேன். முதல் ஒத்திகையிலேயே நடிகை, யாரும் சொல்லாமல், அவற்றைப் பழைய பாட்டின் மெட்டில் பாடிவிட்டார். சொல் போய்விட்டது, மெட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. மெட்டுக்கும் தனியாக உரிமை உண்டு, அது இசையமைப்பாளருடையது அல்லது அவரிடமிருந்து வாங்கியவருடையது. நடிகை வாய்விட்டுப் பாடினாலும், சொல்லே இல்லாமல் ‘ம்ம்’ என்று முனகினாலும் அந்த உரிமை குறுக்கே வரும்.

அதனால் பாட்டை மூடி வைத்துவிட்டுக் காட்சியைப் பாருங்கள். அந்தப் பாட்டு அங்கே என்ன வேலை செய்கிறது? உங்கள் கதைச் சுருக்கத்தை இரண்டு முறை படித்தபோது எனக்கு மூன்று வேலைகள் தெரிந்தன. அது கணவரின் குரலைத் திரும்பக் கொண்டுவருகிறது. தாய் எப்போதும் இரண்டாவது வரியோடு நின்றுவிடுகிறாள், மேலே பாட அவளால் முடியவில்லை. கடைசியில் மகள் பாடுவதன் மூலம் அப்பாவின் இடத்தில் வந்து நிற்கிறாள்.

இப்போது யோசியுங்கள். இந்த மூன்றில் எதற்காவது பிரபலமான பாட்டு வேண்டுமா? வேண்டாம் என்பது மட்டுமல்ல, அது கெடுக்கவும் செய்கிறது என்பேன். தாய் இரண்டாவது வரியில் நிற்கும்போது, பாட்டு தெரிந்த பார்வையாளர் மூன்றாவது வரியை மனத்துக்குள் பாடி முடித்துவிடுவார். காத்திருக்க அவருக்கு ஒன்றும் மிச்சமிராது. யாருக்கும் தெரியாத பாட்டாக இருந்தால் அந்தக் குறை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். மகள் வாய் திறக்கும்போதுதான் பார்வையாளரும் முதன்முறையாக மீதியைக் கேட்பார்.

அப்படியானால் அப்பா பாடியது திரைப்பாட்டாக இருக்க வேண்டியதில்லை, அவரே கட்டிய பாட்டாக இருக்கலாம். அவர் தையல்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் திரைக்கதையில் அது ஒரே ஒரு வசனத்தில் வந்து போகிறது. தைத்துக்கொண்டே குழந்தையிடம் பாடும் மனிதரின் வாயில் நிலவா வரும்? கைக்கு எட்டும் பொருள்தான் வரும். மாதிரிக்கு நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

பித்தான் ஒண்ணு காணோமே,
பெட்டிக்குள்ள தேடு கண்ணு…

தாய் இங்கே நிற்கிறாள். மகள் தொலைபேசியில் முடிக்கிறாள்:

நீ தூங்கி எழும்பும் முன்னே
நான் தச்சு வச்சிருப்பேன்.

பெரிய கவிதை இல்லை, இருக்கவும் கூடாது. ஒரு தையல்காரர் இயந்திரத்தை மிதித்துக்கொண்டு கட்டிய பாட்டு அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அப்பா மகளுக்குச் சொன்ன வாக்கை இப்போது மகள் அம்மாவுக்குச் சொல்கிறாள். உங்கள் பழைய வரிகளில் இந்தத் திருப்பம் இல்லை. இதை அப்படியே எடுக்காதீர்கள். அந்த மனிதரை உங்களுக்குத்தான் தெரியும், அவர் எதைத் தொலைத்துத் தேடுவார் என்று நீங்களே எழுதுங்கள்.

எழுதும்போது சில விஷயங்கள் செய்யுங்கள். மூலப் பாட்டை ஒரு வாரமாவது கேட்காதீர்கள். காட்சியின் மூன்று வேலைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் வரிக்கு நான்கு சீர் என்றால் நீங்கள் மூன்றுக்குப் போங்கள், எதுகை விழும் இடத்தையும் மாற்றுங்கள். முடித்த பின், அந்தப் பழைய பாட்டை நன்றாக அறிந்த ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் புது வரிகளைக் கொடுத்து, அவருக்குத் தோன்றியபடி பாடச் சொல்லுங்கள். பழைய மெட்டு அவர் வாயில் வந்தால், அல்லது ‘இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கே’ என்றால், கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இது சட்டப்படியான சோதனை இல்லை. ஆனால் சட்டம் கேட்கும் கேள்விக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் சோதனை.

திரைக்கதையில் ‘இன்ன பாட்டின் மெட்டில்’ என்று குறிப்பும் எழுதாதீர்கள். இசையமைப்பாளரிடம் மாதிரியாக அந்தப் பழைய பாட்டைப் போட்டுக் காட்ட விடாதீர்கள். படத்தொகுப்பில் தற்காலிகமாக வைத்த பாட்டு எல்லோர் காதிலும் ஊறி, கடைசியில் அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கும் நிலை வருவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

ஆசிரியர் காட்சி இதைவிட எளிது. பெயர் போடுவது மரியாதை, அனுமதி அல்ல. கவிஞர் இறந்து இருபது ஆண்டு என்றால் உரிமை பெரும்பாலும் அவர் வாரிசுகளிடமோ பதிப்பாளரிடமோ உயிரோடுதான் இருக்கும். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை வைத்திருக்கும் குறைந்தபட்சமே ஆசிரியர் மறைந்த பின் 50 ஆண்டுகள். இந்தியாவில் 60, அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பொதுவாக 70. அந்த நான்கு வரிகளைச் சொல்லாமலேயே காட்சியை நடத்தலாம். ஆசிரியர் கரும்பலகையில் எழுத ஆரம்பித்து, திரும்பி, அந்தக் கவிதையை முதலில் படித்த அன்று தான் எங்கே உட்கார்ந்திருந்தார், ஏன் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனார் என்று மாணவர்களிடம் சொல்லட்டும். கவிதையின் பெயரையும் கவிஞரின் பெயரையும் சொல்வதால் பொதுவாகப் பதிப்புரிமைச் சிக்கல் வராது. தலைப்பைச் சட்டம் தனிப் படைப்பாகப் பாதுகாப்பது அபூர்வம். நான்கு வரி கேட்ட மாணவனைவிட, கேட்காத மாணவன்தான் நூலகத்துக்கு ஓடுவான். உங்கள் அடுத்த காட்சி நூலகத்தில்தானே தொடங்குகிறது!

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி வாயில் ‘பழமொழி’ என்று மூன்று வாக்கியம் வைத்திருக்கிறீர்கள். பழமொழி யாருக்கும் உரியதல்ல. ஆனால் ஊர் முழுக்கப் பழமொழியாகச் சொல்லும் பல வரிகள் திரைப்பாட்டிலிருந்து வந்தவை. எல்லோரும் பாடுவதால் ஒன்று பொதுச்சொத்து ஆகிவிடாது. உலகமே பாடும் ஆங்கிலப் பிறந்தநாள் பாட்டைப் படத்தில் வைக்க நெடுங்காலம் கட்டணம் வசூலித்தார்கள். அதன் சொற்களுக்கான உரிமைக் கோரிக்கை செல்லாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது 2015-இல்தான். மூன்று வாக்கியங்களையும் பழைய பழமொழித் தொகுப்புகளில் தேடுங்கள். கிடைக்காததைப் பாட்டியின் சொந்தப் பேச்சாக மாற்றிவிடுங்கள்.

ஒருவேளை அந்தப் பழைய பாட்டு இல்லாமல் படமே இல்லை என்று தோன்றினால், படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி கேளுங்கள். நடிகை சொந்தக் குரலில் பாடினால் பாடல் வரி, மெட்டு ஆகியவற்றின் உரிமை போதும். பழைய ஒலிப்பதிவே ஒலிக்க வேண்டுமென்றால் அந்தப் பதிவின் உரிமையும் தனியாக வேண்டும். இரண்டும் வேறு வேறு கைகளில் இருக்கலாம், ஒருவர் சம்மதித்து இன்னொருவர் மறுக்கலாம். அதனால் பித்தான் பாட்டைப் போல ஒன்றை எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டே கேட்கப் போங்கள்.