செரீனை மாற்றியும் நிற்காத நொதியம்

"செரீன்தான் பெப்டைட்டுப் பிணைப்பை வெட்டுகிறது என்று முல்லைத்தீவில் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கிறேன். அந்தச் செரீனை அலனீனாக மாற்றினாலும் சிறிது வேகம் எஞ்சுமாம். எப்படி?"

வணக்கம் ஆசிரியர். புரதத்தைச் சமிக்கச்செய்யும் நொதியமான கைமோதிரிப்சினில் செரீன் 195 தனித்து இயங்குவதில்லை. அதன் புரோத்தனை இஸ்டிடீன் 57 வாங்கிக்கொள்ள, அந்த இஸ்டிடீனை அஸ்பார்ட்டேற்று 102 சரியான திசையில் நிறுத்தி அதன் நேரேற்றத்தை உறுதிப்படுத்த, செரீனின் ஒட்சிசன் பெப்டைட்டின் காபனைல் காபனைத் தாக்குகிறது. அக்கணத்தில் காபனைல் ஒட்சிசன் மறையேற்றம் பெற்று, கிளைசின் 193, செரீன் 195 ஆகியவற்றின் முதன்மைச் சங்கிலி NH கூட்டங்கள் அமைக்கும் ஒட்சிஅனயன் குழிக்குள் நுழைந்து, அங்கே ஐதரசன் பிணைப்புகளால் தாங்கப்படுகிறது. பின்னர் இஸ்டிடீன் தன் புரோத்தனை நைதரசனுக்குக் கொடுக்க, சங்கிலியின் ஒரு துண்டு பிரிகிறது. செரீனில் ஒட்டியிருக்கும் மறு துண்டை நீர் இதே வழியில் விடுவிக்கிறது.



உங்கள் கேள்விக்கு நேரான விடை, இதே வழியில் இயங்கும் பற்றீரியா நொதியமான சப்டிலிசினில் கிடைக்கிறது. காட்டர், வெல்ஸ் என்ற ஆய்வாளர் இருவரும் 1988 இல் அதன் செரீன், இஸ்டிடீன், அஸ்பார்ட்டேற்று மூன்றையும் அலனீனாக மாற்றியபோது வேகம் ஏறத்தாழ 20 இலட்சம் மடங்கு குறைந்தது; ஆயினும் நொதியமில்லாத தாக்கத்தைவிட அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு விரைவாகவே இருந்தது. செரீன் போனாலும் பெப்டைட்டைப் பிடிக்கும் பள்ளமும் ஒட்சிஅனயன் குழியும் அழிவதில்லை என்பதே காரணம். நீர் நேரடியாகத் தாக்கினாலும் உருவாகும் மறையேற்றத்தை அக்குழி தாங்கும். சப்டிலிசினின் அக்குழியிலுள்ள அசுபராசீன் 155 ஐ மட்டும் மாற்றினாலும் வேகம் நூறு மடங்குக்கு மேல் வீழ்கிறது.