ஐரனி என்றால் வஞ்சப்புகழ்ச்சி அணியா?

கேள்வி: சிமிலி, ஐரனி, ஸ்டான்ஸா மூன்றுக்கும் தமிழில் என்ன சொல்? ஐரனி என்பது வஞ்சப்புகழ்ச்சி அணிதானே?

பாதிதான் சரி. திருக்குறளின் 1073ஆம் குறளைப் பாருங்கள்:

தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்.

கயவரைத் தேவருக்கு ஒப்பிட்டதும் புகழ்கிறார் என்று தோன்றுகிறது. மனம் போன போக்கில் நடப்பதுதான் ஒற்றுமை என்று காரணம் சொன்னதும் அது வசையாக மாறிவிடுகிறது. இது வஞ்சப்புகழ்ச்சி, ஐரனியில் ஒரு வகை.

ஆனால் தீயணைப்பு நிலையமே தீப்பற்றி எரிந்தால் அங்கே யாரும் யாரையும் புகழவில்லை. கிரேக்க நாடகத்தில் கொலையாளியைத் தேடும் மன்னன் ஈடிபஸ், தானே அந்தக் கொலையாளி என்று அறியாமல் அவனைச் சபிக்கும் இடமும் அப்படித்தான். இவற்றையும் சேர்த்துச் சுட்ட 'முரண்நகை' என்பதே பொருத்தம். பழைய அணியிலக்கணத்தில் தேடிப் பயனில்லை, இது பின்னால் வந்த சொல்.

சிமிலிக்கு உவமை. அதே குறளில் தேவர் உவமை, கயவர் பொருள், 'அனையர்' என்பதில் உவம உருபு. உருபை நீக்கிக் 'கயவராகிய தேவர்' என்று இரண்டையும் ஒன்றாக்கினால் அது உருவகம். தேர்வுத்தாள்களில் அதிகம் குழப்பப்படுவது இந்த இடம்தான்.

ஸ்டான்ஸாவை 'அடி' என்று எழுதாதீர்கள். அடி என்பது ஒரு வரி. பாரா போலப் பிரிந்து நிற்கும் கவிதைப் பகுதிக்குப் 'பத்தி' போதும். இரண்டிரண்டு அடியாக வந்தால் 'கண்ணி', கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவிக்குப் பின் வருவது 'சரணம்'.