பெயர் வேறு, சத்து ஒன்று: அம்மாவின் மாத்திரை அலமாரியைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மணிக்கட்டு எலும்பு முறிந்ததிலிருந்து சத்து மாத்திரைகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. அலமாரியைத் திறந்தால் எது எதற்கென்றே புரியவில்லை. எதையும் தூக்கிப் போட அவர் விடுவதில்லை. சில மாதங்களாக மலச்சிக்கல், அசதி, அடிக்கடி தாகம். வயதாகிவிட்டது என்கிறார். மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

பதில்: அலமாரியை ஒதுக்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். சர்க்கரை அளவையும் சேர்த்துப் பாருங்கள், தாகத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நீங்கள் சொல்லும் மலச்சிக்கல், அசதி, தாகம் மூன்றும் ஒன்றாக வரும்போது, வயதின் மேல் பழியைப் போடுவதற்கு முன் ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகம் எனக்கு வலுத்துவிட்டது.

அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதை மறந்துவிடுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஒவ்வொரு மாத்திரையிலும் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அச்சிட்டிருப்பார்கள். கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். எலும்பு மருத்துவர் எழுதியதும் பொது மருத்துவர் எழுதியதும் வெவ்வேறு பெயரில் இருந்தாலும் இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. அதில் உடலுக்கு உதவும் கால்சியம் 500 மி.கி. மட்டுமே. அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். முதல் மாத்திரை இரண்டு வேளை, இரண்டாவது ஒரு வேளை என்று அட்டையில் எழுதியிருக்கிறது. ஆக, மாத்திரையிலிருந்து மட்டும் நாளுக்கு 1,500 மி.கி. இதோடு அம்மா இரண்டு டம்ளர் பால் குடிப்பவராக இருந்தால் இன்னும் ஏறக்குறைய 450 மி.கி. சேரும். அந்த வயதில் உணவும் மாத்திரையும் சேர்ந்து 1,200 மி.கி. போதும். 2,000 என்பது தாண்டக்கூடாத எல்லை.

வைட்டமின் டி கணக்கு இன்னும் மோசம். வாரம் ஒன்று சாப்பிடும் காப்ஸ்யூலில் 60,000 யூனிட். பாலில் கலக்கும் சிறு பாக்கெட் தூளிலும் அதே 60,000 யூனிட். ஒன்று விழுங்குவது, மற்றொன்று கலக்குவது என்பதால் இரண்டும் வேறு மருந்து என்று வீட்டில் நினைத்திருப்பீர்கள். வாரத்துக்கு 1,20,000 என்றால் நாளுக்கு 17,000 யூனிட்டுக்கு மேல். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நாளுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. 60,000 யூனிட் காப்ஸ்யூலைப் பொதுவாக எட்டு வாரம்போலத்தான் எழுதுவோம், பிறகு மாதம் ஒன்றாகக் குறைப்போம். சீட்டில் எட்டு வாரம் என்று எழுதியிருந்தாலும், மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி வாங்கினால் அது ஆண்டுக்கணக்கில் நீளும். இந்த வைட்டமின் உடலின் கொழுப்பில் தங்கும். நிறுத்தினாலும் குறைய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும்.

இன்னொன்றையும் படத்தில் கவனித்தேன். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையில் டெல்மிசார்ட்டனுடன் ஹைட்ரோகுளோரோதயசைடும் இருக்கிறது. சிறுநீர் வழியாகக் கால்சியம் வெளியேறுவதை அது குறைக்கும். தனியாக இருந்தால் பெரிய தொல்லை தராது. மேலே சொன்ன கணக்கோடு சேரும்போதுதான் கவலை. அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பரிசோதனை முடிவு வரும்வரை வைட்டமின் டி இரண்டையும் கால்சியம் இரண்டையும் மட்டும் நிறுத்தி வையுங்கள். சில நாள் இடைவெளியால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. இடையில் வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் என்று ஏதாவது தெரிந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நரம்புக்கென்று கொடுத்த மாத்திரை, பி காம்ப்ளக்ஸ், மல்டிவைட்டமின் மூன்றிலும் பி6 இருக்கிறது. பி6 நீண்ட நாள் அதிகமானால் அதுவே கால் மரத்துப்போகக் காரணமாகும். மரத்துப்போகிறது என்று இன்னொரு நரம்பு மாத்திரை சேர்ப்பதையும் பார்த்திருக்கிறேன். மூன்றில் ஒன்று போதும். ஆனால் பி12 உள்ளதையே வையுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது வழக்கம்.

அம்மாவின் கண் முன்னால் குப்பையில் போட்டால் சண்டைதான் வரும். வேண்டாதவற்றை ஒரு துணிப்பையில் போட்டு, "டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்வோம் அம்மா" என்று சொல்லி, அடுத்த முறை பையோடு போங்கள். மருத்துவர் நேரில் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். காலாவதியானவற்றைத் தூய்மைப் பணியாளரிடம் வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.

மிஞ்சியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். முதலில் மருந்தின் பெயரும் அளவும், பிறகு கடையில் தந்த பெயர், எதற்காக, யார் எழுதியது, எந்த வேளை. கடைசியாக, பலரும் விட்டுவிடுகிற ஒன்று: எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும். அந்தக் கட்டம் இருந்திருந்தால் இந்தக் காப்ஸ்யூல் இரண்டு ஆண்டு ஓடியிருக்காது. தாளின் தலையில் தேதி போடுங்கள். ஒவ்வொரு மருத்துவரைப் பார்த்து வந்த பிறகும், கடையில் வேறு பெயரில் தந்தாலும் புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துவிடுங்கள். ஒரு பிரதி அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும், இன்னொன்றின் படம் உங்கள் கைபேசியில்.

மாத்திரைப் பெட்டி ஏழு நாளுக்கும், காலை, மதியம், இரவு என்று மூன்று அறையும் உள்ளதாக வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம், நம் ஊர் ஈரக்காற்றில் சில மாத்திரைகள் கெட்டுவிடும். அட்டையைக் கத்தரித்து உறையோடு போடாதீர்கள். கண் தெரியாத வேளையில் உறையோடு விழுங்கி உணவுக்குழாயைக் கிழித்துக்கொண்டவர்கள் உண்டு. உறையைப் பிரித்து மாத்திரையை மட்டும் போடுங்கள், வெட்டாத அட்டையைக் காலாவதித் தேதிக்காக வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை நிரப்பும்போது மிஞ்சியிருக்கும் மாத்திரைகளைப் பாருங்கள். மதிய அறை மட்டும் நிறைந்திருந்தால் மறதி எந்த வேளையில் என்று தெரிந்துவிடும்.

தைராய்டு மாத்திரையைப் பெட்டியில் போட வேண்டாம். ஒளியும் ஈரமும் அதற்கு ஆகாது. அதன் புட்டியிலேயே இருக்கட்டும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரோடு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியத்தைப் பிறகு மருத்துவர் மீண்டும் தொடங்கச் சொன்னால், மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் கால்சியம் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. இதுவரை காலையில் எல்லாவற்றையும் ஒரே கையில் விழுங்கியிருந்தால், இனி அதே தைராய்டு மாத்திரை கூடுதலாக உள்ளே போகும். எனவே ஆறு முதல் எட்டு வாரத்தில், தைராய்டு மருந்தின் அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன்பே படபடப்பு, கை நடுக்கம் தெரிந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அப்போதே மருத்துவரைப் பாருங்கள்.