வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஜிஎன்ஐ-யில் சேருமா?

“கீழக்கரை. அண்ணன் துபாய் போய் ஆறு வருஷம். மாசம் 40,000 அனுப்புறார். அது ஜிஎன்ஐ-ல சேரும்னு எழுதினேன், சார் அடிச்சுட்டார். ஏன்?”

சார் அடித்தது சரிதான் தம்பி. ஜிஎன்ஐ என்பது மொத்தத் தேசிய வருமானம், அதாவது நாட்டுவாசிகள் எல்லோரும் சம்பாதித்தது; பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதை அது பார்ப்பதில்லை. ஆள் எங்கே வசிக்கிறார் என்பதைத்தான் பார்க்கிறது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கி வேலை பார்ப்பவர் அந்த நாட்டுவாசி. ஆகவே உங்கள் அண்ணனுடைய முழுச் சம்பளமும் அமீரகத்தின் ஜிடிபி, ஜிஎன்ஐ இரண்டிலும் போய்விடும். வீட்டுக்கு வரும் 40,000, ஈடு எதுவும் இல்லாமல் வரும் பணமாற்றம். ஜிஎன்ஐ-யோடு இதைக் கூட்டினால் வருவது வேறொரு கணக்கு: செலவிடத்தக்க மொத்தத் தேசிய வருமானம். அந்தப் பணத்தில் வீடு கட்டினால், கொத்தனார் கூலி இந்திய ஜிடிபி-யில் ஏறும்.

அவரே எட்டு மாத ஒப்பந்தத்தில் போயிருந்தால் கதை வேறு. அவர் இந்தியவாசியாகவே இருப்பார். மாதம் 90,000 சம்பளம் என்றால், அங்கே சாப்பாட்டுக்குச் செலவழித்தது உட்பட 90,000-மும் நம் ஜிஎன்ஐ-யில் சேரும். நம் கடற்கரையில் பலர் பார்க்கும் கப்பல் வேலையும் அப்படித்தான். குடும்பம் இங்கே இருந்தால், வெளிநாட்டுக் கம்பெனிக் கப்பலில் எத்தனை மாதம் ஓடினாலும் அவர் இந்தியவாசிதான்.

இந்தியாவுக்கு வருஷத்துக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் இப்படிப் பணம் வருகிறது. அப்படியும் நம் ஜிஎன்ஐ, ஜிடிபி-யை விடச் சற்றுக் குறைவு. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஜிஎன்ஐ-க்குள் வராது; வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குப் போகும் லாபமும் வட்டியும் மட்டும் கழிந்துவிடும். தேர்வில் முதலில், ஆள் அங்கே தங்கிய காலத்தை எழுதுங்கள்.