கேபிள் ஜாயின்ட்டில் டேப் மட்டும் சுற்றினால் போதாதா?

கேள்வி: போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் ஒயரும் கேபிளும் சேரும் இடத்தில் தண்ணீர் போகாமல் எப்படி ஜாயின்ட் போடுவது? டேப் போதுமா, ரெசின் ஊற்ற வேண்டுமா, ஸ்லீவ் நல்லதா?

டேப் போதும் என்றுதான் நானும் நம்பினேன். எங்கள் போர் 520 அடி, மோட்டாருக்கு மேலே 300 அடிக்குத் தண்ணீர். அந்த ஆழத்தில் ஜாயின்ட்டை 9 பார் அழுத்தம் நெருக்கும், டேப்பின் பசை எத்தனை நாள் தாங்கும்? இருபதாம் நாள் ஸ்டார்ட்டர் ட்ரிப். தூக்கிப் பார்த்தால் டேப் கொழகொழவென்று உரிந்து வந்தது, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. தூக்கி இறக்குகிற வண்டிக்காரர் காலை ஏழு மணிக்கு என்று சொல்லிவிட்டு மாலை நாலுக்கு வந்து, இருட்டிவிட்டது என்று கூடுதல் கூலி கேட்டது தனிக்கதை.

இப்போது நான் போடுவது உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கடையில் "பசை உள்ளது" என்று கேட்டு வாங்குங்கள், சாதா ஸ்லீவும் சுருங்கும், ஆனால் தண்ணீரை நிறுத்தாது. கேபிளுக்குள் ஓடும் மூன்று கோர் ஒயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளித் தள்ளி வெட்டினால் ஜாயின்ட் ஒல்லியாக வரும், குறுகிய போரில் உரசாது. இன்சுலேஷனை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, முதலில் ஸ்லீவ்களை ஒயரில் நுழைத்துவிடுங்கள், வெளி ஸ்லீவையும் சேர்த்து. ஒரு தடவை இரண்டு ஒயர் முனையையும் ஃபெரூல் என்ற உலோகக் குழலில் வைத்து நசுக்கி, கிரிம்ப் அடித்து முடித்தபிறகுதான் ஸ்லீவ் கையில் இருப்பதைக் கவனித்தேன், மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. ஃபெரூலுக்கு இருபுறமும் இன்சுலேஷன் மேல் இரண்டு அங்குலமாவது ஸ்லீவ் படிய வேண்டும். சூட்டை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு முனையிலும் பசை மணிமணியாகப் பிதுங்கினால்தான் ஒட்டியது என்று அர்த்தம். தட்டைக் கேபிளில் வெளி ஸ்லீவ் உரசலுக்குத்தான், தண்ணீரைத் தடுப்பது ஒவ்வொரு கோர் மேலுள்ள ஸ்லீவ்.

ரெசின் மோசம் என்று சொல்லவில்லை, ரெசின்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். திறந்த கிணற்றில் இடம் இருக்கிறது, நன்றாகவே உழைக்கும். ஆனால் பையில் இரண்டு பாகமும் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும், அச்சுக்குள் கோர்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, முழுதாக இறுகாமல் இறக்கக்கூடாது. நாலரை அங்குலப் போரில் அந்தக் கட்டி பைப்புக்கும் கேசிங்குக்கும் நடுவே சிக்கும்.

இறக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஜாயின்ட் போடுவதற்கு முன்பே மோட்டாரை மட்டும் இன்சுலேஷன் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டபின் ஜாயின்ட்டை மட்டும் உப்பு கரைத்த வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் கோருக்கும் தண்ணீருக்கும் இடையே பாருங்கள். மெகா ஓம் கணக்கில் நிற்காமல் முள் சரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். வண்டிக்காரர் எப்படியும் நாலு மணிக்குத்தான் வருவார், நேரம் இருக்கிறது.