மூன்று பேர், மூன்று வேலைகள்: ஓட்டு ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது?

"மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு மூன்று பேர் கமிட்டி. நான் பொருளாளர். இந்த வருடம் லிஃப்டை மாற்றுவதா, புது போர்வெல் போடுவதா, வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பதா என்று ஓட்டெடுத்தோம். தலைவர் 'லிஃப்டா, போர்வெல்லா?' என்று தொடங்கி, ஜெயித்த லிஃப்டைப் பெயின்டோடு மோதவிட்டார். பெயின்ட் வந்தது. மறுவாரம் செயலாளர் 'பெயின்டா, லிஃப்டா?' என்று தொடங்கினார். கடைசியில் போர்வெல் வந்தது. யாரும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை என்கிறார்கள். யாரோ விளையாடுகிறார்களா? எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓட்டுமுறை ஒன்று சொல்லுங்களேன்."

யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன இரண்டு முடிவுகளையும் வைத்துப் பார்த்தால் உங்கள் மூவரின் விருப்ப வரிசை அநேகமாக இப்படி இருக்கும்:

தலைவர்: லிஃப்ட், போர்வெல், பெயின்ட்
செயலாளர்: போர்வெல், பெயின்ட், லிஃப்ட்
நீங்கள்: பெயின்ட், லிஃப்ட், போர்வெல்

இதை இரண்டிரண்டாக எண்ணிப் பாருங்கள். லிஃப்டா போர்வெல்லா என்றால் தலைவரும் நீங்களும் லிஃப்ட் பக்கம், 2-1. போர்வெல்லா பெயின்டா என்றால் தலைவரும் செயலாளரும் போர்வெல் பக்கம், அதுவும் 2-1. அப்படியானால் லிஃப்ட் பெயின்டை வெல்ல வேண்டும்தானே? இல்லை. செயலாளரும் நீங்களும் பெயின்ட் பக்கம் நிற்கிறீர்கள். லிஃப்ட் போர்வெல்லை வெல்கிறது, போர்வெல் பெயின்டை வெல்கிறது, பெயின்ட் லிஃப்டை வெல்கிறது. தனித்தனியே மூவருக்கும் தெளிவான வரிசை இருக்கிறது. கமிட்டி என்று சேர்த்துப் பார்த்தால் வரிசையே இல்லை, ஒரு வட்டம்தான் இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே 1785-இல் எழுதிய நூலில் காட்டிய வட்டம் இது.

இப்படி ஒரு வட்டம் இருக்கும்போது இரண்டிரண்டாக ஓட்டெடுத்தால், முதல் சுற்றில் எதை வெளியே வைக்கிறீர்களோ அதுதான் கடைசியில் ஜெயிக்கும். முதல் வாரம் வெளியே இருந்தது பெயின்ட், மறுவாரம் போர்வெல். யாருக்கு எந்த வரிசை என்ற என் ஊகம் சரியென்றால், தலைவர் சூழ்ச்சி செய்யவில்லை என்று இதிலிருந்தே சொல்லிவிடலாம். அவர் தொடங்கிய வரிசையில் வந்தது அவருக்கே கடைசி விருப்பமான பெயின்ட். லிஃப்ட் வரவேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தால் போர்வெல்லையும் பெயின்டையும் முதலில் மோதவிட்டிருப்பார். செயலாளர் தொடங்கிய வரிசையில் அவர் விரும்பிய போர்வெல்லே வந்தது. அது தெரிந்தே செய்ததா, தற்செயலா என்று ஓட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

சரி, இரண்டிரண்டாக மோதவிடாமல் வேறு முறை வைத்தால்? பலரும் முதலில் சொல்வது மதிப்பெண் முறை: முதல் விருப்பத்துக்கு 2, இரண்டாவதுக்கு 1, கடைசிக்கு 0. போர்தா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் இது அறியப்படுகிறது. உங்கள் கணக்கில் மூன்று வேலைகளுக்கும் தலா 3 மதிப்பெண் வந்து சமனாகிவிடும். அது பெரிய குறை இல்லை. உண்மையான குறை வேறொரு நிலையில் தெரியும். தலைவரும் நீங்களும் 'லிஃப்ட், போர்வெல், பெயின்ட்' என்று எழுதுகிறீர்கள், செயலாளர் மட்டும் 'போர்வெல், லிஃப்ட், பெயின்ட்' என்று எழுதுகிறார் என்று வையுங்கள். லிஃப்டுக்கு 5, போர்வெல்லுக்கு 4. லிஃப்ட் ஜெயிக்கிறது. இப்போது செயலாளர் தன் சீட்டில் பெயின்டை மட்டும் நடுவே நகர்த்தி 'போர்வெல், பெயின்ட், லிஃப்ட்' என்று எழுதுகிறார். லிஃப்டுக்கு 4, போர்வெல்லுக்கும் 4. லிஃப்டா போர்வெல்லா என்ற கேள்வியில் ஒருவர்கூட பக்கம் மாறவில்லை. யாரும் ஜெயிக்கவைக்க நினைக்காத பெயின்டை நகர்த்தியதிலேயே அந்த இரண்டுக்குமான முடிவு மாறிவிட்டது.

ஒவ்வொரு முறையிலும் இப்படி ஒரு குறை தெரியும்போது, குறையே இல்லாத முறை எங்கோ இருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றும். அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று 1951-இல் வெளியான தன் நூலில் நிறுவியவர் கென்னத் ஆரோ. 1972-இல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அவர் கேட்டது அதிகமில்லை. மூவரும் எந்த வரிசையை எழுதினாலும் முறை ஒரு பொது வரிசையைத் தர வேண்டும். அதில் வட்டம் வரக்கூடாது. மூவருமே ஒன்றை இன்னொன்றுக்கு மேல் வைத்தால் பொது வரிசையிலும் அப்படியே வர வேண்டும். லிஃப்டா போர்வெல்லா என்பதை அந்த இரண்டைப் பற்றி மூவரும் எழுதியதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பெயின்ட் எங்கே இருக்கிறது என்பது அதைத் தொடக்கூடாது. கடைசியாக, மற்றவர்கள் என்ன எழுதினாலும் ஒரே ஒருவர் எழுதியதுதான் முடிவு என்று ஆகக்கூடாது. மூன்று அல்லது அதற்கு மேல் வேலைகள் இருந்தால் இவை எல்லாம் ஒன்றாக நிற்காது. கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றினால், யாரோ ஒருவர் தனி அதிகாரி ஆகிவிடுவார்.

ஏன் என்பதை உங்கள் கமிட்டியின் அதே அட்டவணையிலேயே காட்டலாம். அதனால்தான் இந்தத் தேற்றம் எனக்கு இவ்வளவு பிடிக்கும். தலைவரும் செயலாளரும் சேர்ந்தால் உங்களை மீறி முடிவெடுக்கலாம் என்று ஒரு முறை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இருவருக்கும் போர்வெல் பெயின்டுக்கு மேலே. ஆகவே பொது வரிசையிலும் போர்வெல் பெயின்டுக்கு மேலே. இனி லிஃப்டை எங்கே வைப்பது? பெயின்டுக்கு மேலே வைத்தால், அப்படி விரும்பியவர் தலைவர் ஒருவர்தான். நீங்களும் செயலாளரும் எதிர்த்தும் அவர் சொன்னது நடந்துவிட்டது. பெயின்டுக்கு மேலே வைக்கவில்லை என்றால், போர்வெல் பெயின்டுக்கு மேலே இருப்பதால் அது லிஃப்டுக்கும் மேலே போய்விடும். அப்படி விரும்பியவர் செயலாளர் ஒருவர்தான். எந்தப் பக்கம் போனாலும் இருவரின் அதிகாரம் ஒருவர் கையில் சுருங்கிவிடுகிறது.

"ஒரு ஜோடி வேலையில் மட்டும்தானே?" என்று கேட்பீர்கள். அது அங்கே நிற்காது. பெயின்டுக்கு மேல் லிஃப்ட் என்பதில் தலைவர் தனியாக ஜெயிப்பவர் என்று வையுங்கள். அவர் 'லிஃப்ட், பெயின்ட், போர்வெல்' என்று எழுதுகிறார். நீங்கள் இருவரும் பெயின்டை முதலில் வைக்கிறீர்கள். மற்ற இரண்டை எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்கலாம். லிஃப்ட் பெயின்டுக்கு மேலே, இது தலைவரின் அதிகாரம். பெயின்ட் போர்வெல்லுக்கு மேலே, இது மூவரும் ஒத்துக்கொண்டது. அப்படியானால் லிஃப்ட் போர்வெல்லுக்கும் மேலே. அந்த ஜோடியைப் பற்றி நீங்கள் இருவரும் என்ன எழுதினீர்கள் என்று யாரும் பார்க்கவே இல்லை. பெயின்டின் இடம் அந்த முடிவைத் தொடக்கூடாது என்பதால், பெயின்டை எங்கே வைத்தாலும் இதே கதைதான். இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் அவர் அதிகாரம் பரவிவிடும். தொடக்கத்தில் இருவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றால், மூவரும் ஒத்துக்கொண்டால் அதுவே முடிவு என்ற விதியிலிருந்து தொடங்கி, மூவரை ஒருவர், இருவர் என்று பிரித்து இதே வாதத்தை ஓட்டினால் அதுவும் கிடைத்துவிடும்.

இதைப் படித்துவிட்டு ஓட்டெடுப்பதே வீண் என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று பேர், மூன்று வேலை என்றால் ஒவ்வொருவரும் 6 விதமாக வரிசைப்படுத்தலாம். மொத்தம் 216 நிலைகள். அதில் வட்டம் வருவது 12-இல் மட்டும். மற்ற 204-இலும் ஒரு வேலை மற்ற இரண்டையும் நேருக்கு நேர் வென்றுவிடும், ஓட்டெடுக்கும் வரிசை அதை மாற்றாது. உங்களுக்கு வாய்த்தது அந்த 12-இல் ஒன்று.

வட்டம் வருமா என்று முன்கூட்டியே பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மூன்றில் ஏதாவது ஒன்று யாருடைய சீட்டிலும் கடைசியாக இல்லை என்றால் வட்டம் வராது. உங்கள் அட்டவணையில் பெயின்ட் தலைவருக்குக் கடைசி, லிஃப்ட் செயலாளருக்கு, போர்வெல் உங்களுக்கு. மூன்றுமே அடிபட்டுவிட்டன. இதுவே 'கார்பஸ் ஃபண்டிலிருந்து இந்த வருடம் 3 லட்சம் எடுப்பதா, 6 லட்சமா, 10 லட்சமா' என்ற கேள்வியாக இருந்தால், நடுவில் உள்ள 6 லட்சத்தை யாரும் கடைசியில் வைக்க வாய்ப்பு குறைவு. 3 பிடித்தவருக்கு 10-தான் கடைசி, 10 பிடித்தவருக்கு 3-தான் கடைசி. இப்படி ஒரே கோட்டில் அமையும் கேள்விகளில் நடுவில் நிற்பவரின் விருப்பம் மற்றவற்றை வெல்லும் என்று 1948-இல் பொருளியல் அறிஞர் டங்கன் பிளாக் காட்டினார். ஆகவே முதலில் தொகைக்கு ஓட்டெடுங்கள். தொகை முடிவானதும் சில வேலைகள் தானாகவே கழன்றுவிடலாம். இரண்டே வேலைகள் மிஞ்சினால் பெரும்பான்மை ஓட்டில் எந்தச் சிக்கலும் இல்லை.

பத்துக்கு இத்தனை மார்க் என்று போடச் சொன்னால் தப்பிக்கலாமே என்று தோன்றும். ஆரோவின் தேற்றம் வரிசையை மட்டும் பேசுவதால், ஏட்டளவில் அது உண்மைதான். மே மாதம் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பவருக்கு போர்வெல் எவ்வளவு அவசரம் என்பது வரிசையில் தெரியாது, மார்க்கில் தெரியும். ஆனால் பிடித்ததற்கு 10-உம் மற்ற இரண்டுக்கும் 0-வும் போட்டால் தன் ஓட்டுக்கு வலு கூடும் என்று மூவருக்கும் சீக்கிரம் புரிந்துவிடும். மூவர் மட்டும் உள்ள, பணம் சம்பந்தப்பட்ட கமிட்டிக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

தொகைக்குப் பிறகும் மூன்று வேலைகளும் மிஞ்சினால், அடுத்த கூட்டத்தில் பேச்சு தொடங்கும் முன்பே மூவரும் முழு வரிசையைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுங்கள். மூன்று ஜோடிகளையும் எண்ணுங்கள். ஒன்று மற்ற இரண்டையும் வென்றால் அதுவே முடிவு. வட்டம் வந்தால் என்ன செய்வது என்பதைச் சீட்டைப் பிரிக்கும் முன்பே மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பிரித்த பிறகு விதி வகுத்தால், எந்த விதி யாருக்குச் சாதகம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பொதுக்குழுவுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் முப்பது வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டாலும் அங்கேயும் வட்டம் வரலாம். என்னைக் கேட்டால் திருவுளச்சீட்டு என்று எழுதிவையுங்கள். உங்கள் வட்டத்தில் மூன்று வேலைகளும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன: ஒவ்வொன்றும் ஒன்றை 2-1 என வெல்கிறது, இன்னொன்றிடம் 1-2 எனத் தோற்கிறது. ஒன்றைத் தூக்கிவைக்க அந்தச் சீட்டுகளுக்குள் வேறு காரணம் எதுவும் இல்லை.